விபத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போகும் கடிதம்

கேள்வி: கோவை குறிச்சி தொழிற்பேட்டையில் மோட்டார் ஸ்டாம்பிங் போடும் கம்பெனியில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை இரண்டாம் ஷிஃப்டில் எங்கள் பிரஸ் ஆபரேட்டர் ஒருவருக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. பக்கத்துத் தனியார் மருத்துவமனையில் இருக்கிறார். அட்வான்ஸ் நாங்கள் கட்டினோம். வயது 27, தினக் கூலி 600 ரூபாய், இஎஸ்ஐ உண்டு. மனைவியும் அப்பாவும் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார்கள். போனில் 'கையில் அடி' என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். முறையாகக் கடிதம் எழுதச் சொல்கிறார் எம்.டி. 'மெஷினின் பாதுகாப்புக் கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டினான், அவன் தப்பு என்று எழுதிவிடு' என்கிறார் புரொடக்‌ஷன் மேனேஜர். 'எல்லாவற்றையும் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று எழுதும்மா' என்கிறார் அக்கவுண்ட்ஸ் சார். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. எப்படி எழுதுவது?
– ஒரு வாசகி, கோவை

பதில்: உங்களுக்குப் பட்டதுதான் சரி. ஆனால் இரண்டும் ஏன் கூடாது என்பதற்கான காரணம் கையில் இருந்தால்தான் அந்த இருவரிடமும் நீங்கள் பேச முடியும். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் மருத்துவமனைக்கு ஒரு நடை போய்விட்டு வர வேண்டும்.

அவருக்கு நினைவு தெளிவாக இருக்கிறது, பேசுகிறார் என்றால், வீட்டுக்கு என்ன சொல்லலாம், யாரிடம் சொல்லலாம் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அடிபட்டது அவருடைய கை. விரல் போன விஷயத்தை மனைவியிடம் தானே சொல்ல வேண்டும் என்று நினைக்கலாம். அப்பாவுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம் என்று நினைக்கலாம். இதைக் கேட்காமல் நாம் கடிதம் போட்டுவிட்டால், அவர் படுக்கையில் இருக்கும்போது ஊரில் அஞ்சல்காரர் சொல்லி விஷயம் தெரியும். ஆகவே பக்கத்தில் உட்கார்ந்து, 'வீட்டுக்குக் கடிதம் எழுதப் போகிறோம், விரல் விஷயத்தை எழுதலாமா?' என்று நேராகவே கேளுங்கள். முதலில் அவரே போனில் பேசட்டும். கூட வேண்டுமானால் டாக்டரோ நீங்களோ இருங்கள். கடிதம் அதற்குப் பிறகுதான் கிளம்ப வேண்டும். கெட்ட செய்தியை முதன்முதலாகக் கொண்டு போகும் வேலையைக் காகிதத்துக்குக் கொடுக்கக் கூடாது. பேசி முடித்த செய்தியை உறுதி செய்வதும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை வீட்டில் கையில் வைத்துக்கொள்ளும்படி கொடுப்பதும்தான் இந்தக் கடிதத்தின் வேலை.

அந்த நடையிலேயே இன்னொன்றையும் கவனித்துக்கொள்ளுங்கள். கம்பெனியிலிருந்து யாராவது ஏற்கெனவே போய், எழுதிக் கொண்டுபோன வாக்குமூலத்தில் அவரிடம் கைநாட்டு வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். வலது கையில் கட்டுப் போட்டிருப்பவரிடம் இடது கைப் பெருவிரலைப் பிடித்து உருட்டிய தாள் பிற்பாடு கம்பெனிக்கே வினையாக முடியும். அப்படி ஒன்று இருந்தால் எம்.டி.யிடம் உடனே சொல்லிவிடுங்கள்.

இப்போது புரொடக்‌ஷன் மேனேஜருக்கு வருவோம். அவன் தப்பு என்று எழுதிவிட்டால் கம்பெனி தப்பித்துக்கொள்ளும் என்பது தொழிற்சாலைகளில் ரொம்ப நாளாக இருக்கும் ஒரு நம்பிக்கை. இஎஸ்ஐ-யில் அதற்கு இடமே இல்லை. வேலை நேரத்தில், வேலை செய்யும்போது அடிபட்டால், மாறான சாட்சியம் இல்லாத வரை அது வேலையால் வந்த காயம் என்றே எடுத்துக்கொள்வார்கள். கம்பெனி போட்ட உத்தரவை மீறித்தான் ஓட்டினார் என்றே வைத்துக்கொண்டாலும், அவர் செய்தது கம்பெனி வேலைக்காக என்றால் அவருக்கு உரிய தொகை குறையாது. அவர் கார்டைக் கழற்றியிருந்தாலும் அது உற்பத்தி எண்ணிக்கையை எட்டுவதற்காகத்தான் இருக்குமே தவிர, சொந்த வேலைக்காக இருக்காதே. ஆக அந்த வாக்கியத்தால் கம்பெனிக்கு ஒரு ரூபாய் மிச்சமாகாது.

அதோடு முடியவில்லை. ஆபத்தான இயந்திரத்துக்குக் காப்புப் போட்டு அது கழலாமல் பார்த்துக்கொள்வது தொழிற்சாலை நடத்துபவரின் சட்டக் கடமை. 'கார்டு இல்லாமல் ஓட்டினார்' என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதி, முத்திரை குத்தி அனுப்பினால், படிக்கிற தொழிலகப் பாதுகாப்பு அதிகாரி அடுத்து என்ன கேட்பார்? கார்டு இல்லாமல் பிரஸ் எப்படி ஓடியது? இரண்டு கையாலும் அழுத்தும் பட்டன் இருந்ததா, ஃபுட் பெடலில் ஓட்டினார்களா? கழற்றியது எந்த ஷிஃப்டில்? சூப்பர்வைசர் பார்க்கவில்லையா? எல்லாக் கேள்வியும் மேனேஜரின் மேஜைக்குத்தான் வரும். இதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். நியாயம் பேசினால் கேட்காதவர்கள்கூட இதைக் கேட்பார்கள்.

காரணம் என்ன என்பது விசாரணை முடிந்த பிறகு தெரியும். மூன்றாம் நாளில் எழுதும் கடிதத்தில் அதற்கு இடம் இல்லை. 'விசாரணை நடக்கிறது' என்ற ஒரு வரி போதும்.

அக்கவுண்ட்ஸ் சார் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் 'எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வோம்' என்று எழுதினால், கிராமத்தில் உட்கார்ந்து படிக்கும் குடும்பம் அதை எப்படிப் புரிந்துகொள்ளும்? மாதச் சம்பளம் முழுசாக வரும், வேலை நிச்சயம், பெரிய தொகை ஒன்றும் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். அடுத்த மாதம் இஎஸ்ஐ பணம் தாமதமாகி, கம்பெனியும் சம்பளம் போடவில்லை என்றால், 'ஏமாற்றிவிட்டார்கள்' என்பார்கள். அவர்கள் சொல்வது நியாயமாகவும் இருக்கும். எதைக் கம்பெனி செய்யும், எதை இஎஸ்ஐ செய்யும், எதைக் குடும்பம் செய்ய வேண்டும் என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

பணக் கணக்கைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம். விபத்து நடந்த அன்றைய கூலியைக் கம்பெனி முழுசாகக் கொடுக்க வேண்டும். அதற்கு மறுநாளிலிருந்து, டாக்டர் வேலைக்குப் போகலாம் என்று சொல்லும் வரை, சராசரி தினக் கூலியில் 90 சதவீதத்தை இஎஸ்ஐ கொடுக்கும். இவருக்கு 600-க்கு 540 ரூபாய். விபத்து நாளைத் தவிர்த்துக் குறைந்தது 3 நாள் வேலைக்குப் போக முடியாத காயமாக இருந்தால் போதும். இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேலைக் காயத்துக்குக் கிடையாது. சேர்ந்த முதல் நாளிலேயே அடிபட்டவருக்கும் உண்டு. இந்த 540-ஐக் கடிதத்தில் எழுதுங்கள். 'உரிய பலன்கள் வழங்கப்படும்' என்று எழுதுவதைவிட இது நூறு மடங்கு உதவும். மளிகைக் கடைக்காரரிடம் என்ன சொல்வது என்று அவர் மனைவிக்குத் தெரிந்துவிடும்.

நிரந்தர ஊனத்துக்கான தொகை வேறு. காயம் ஆறி, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் இறுதிச் சான்றிதழ் கொடுத்த பிறகு, மருத்துவ வாரியம் பார்த்து, சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் குறைந்திருக்கிறது என்று முடிவு செய்யும். சட்டத்தின் அட்டவணையில் ஒரு கையில் இரண்டு விரல் முழுசாக இழந்தால் 20 சதவீதம் என்று இருக்கிறது. அப்படியே வைத்தால் 540-இல் 20 சதவீதம், நாளொன்றுக்கு 108 ரூபாய். மாதத்துக்குச் சுமார் 3,240. அவர் மறுபடி வேலைக்குப் போனாலும் இது ஆயுள் முழுக்க வரும். ஆனால் விரல் எந்தக் கணுவோடு போயிருக்கிறது என்பதைப் பொறுத்து இந்த எண் மாறும். ஆள்காட்டி விரல் மட்டும் முழுசாகப் போனால் 14, அதில் இரண்டு கணு போனால் 11, ஒரு கணு போனால் 9 என்று அது இறங்கிக்கொண்டே வரும். மீதி விரல்கள் மடங்குகின்றனவா என்பதையும் வாரியம் பார்க்கும். ஆகவே இந்தக் கணக்கு உங்கள் மனதில் இருக்கட்டும்; கடிதத்தில் எண் வேண்டாம். அப்படி ஓர் உரிமை இருக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

மருத்துவமனைச் செலவுதான் குடும்பத்தின் பெரிய பயம். நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போகும் முன்பு இந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும். பில்லைக் கம்பெனி கட்டுகிறது, அதைச் சம்பளத்தில் பிடிக்காது என்று எம்.டி.யிடம் வாய்மொழியாக இல்லாமல் எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு கடிதத்தில் எழுதுங்கள். அவசரச் சிகிச்சைச் செலவை இஎஸ்ஐ-யிடம் திரும்பக் கேட்பது அவர்கள் விதிகளைப் பொறுத்தது. அந்த அலைச்சல் கம்பெனியுடையது. குடும்பத்தை அதற்குள் இழுக்காதீர்கள். தையல் பிரித்த பிறகு சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனைக்கு மாற்றும் திட்டம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் 'நல்ல ஆஸ்பத்திரியிலிருந்து விரட்டிவிட்டார்கள்' என்று பேச்சு வரும்.

அநேகமாக எந்தக் கம்பெனிக் கடிதத்திலும் இல்லாத, ஆனால் குடும்பங்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. டிஸ்சார்ஜ் ஆனதும் ஊருக்கு அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்துக்கொள்ளத்தான் யாரும் நினைப்பார்கள். இஎஸ்ஐ பணம் வாங்குபவர், சிகிச்சை பெறும் பகுதியை விட்டு மருத்துவ அதிகாரியின் அனுமதி இல்லாமல் போகக் கூடாது என்று விதி. மருத்துவச் சான்றிதழும் தொடர்ந்து வாங்கி வர வேண்டும்; இடையில் விட்டுப்போன நாட்களுக்குப் பணம் சிக்கலாகும். சொல்லாமல் ஊருக்குப் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்து, கிளை அலுவலகத்து வரிசையில் கட்டுப்போட்ட கையோடு நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். யாரும் அவர்களிடம் இதைச் சொல்லவில்லை என்பதுதான் பாதிக் காரணம். அனுமதி கேட்டால் வழி பிறக்கும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். மிரட்டுவது போல ஆகிவிடக் கூடாது.

இன்னொரு சிறிய விஷயம், வங்கிக் கணக்கு. இஎஸ்ஐ தொகை அவர் கணக்குக்குத்தான் வரும். பாஸ்புக் பெரும்பாலும் ஊரில் பீரோவுக்குள் இருக்கும். அதன் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாஸ்புக்கில் உள்ள பெயரும் இஎஸ்ஐ பதிவில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். இனிஷியல் முன்னால், பின்னால் என்று மாறியிருந்தாலே நாள் தள்ளும்.

கடிதத்தில் எழுதும் நாள், நேரம், இடம், காயம் நான்கும் விபத்துப் பதிவேட்டிலும், இஎஸ்ஐ-க்கு நீங்கள் அனுப்பிய விபத்து அறிக்கையான படிவம் 12-இலும், தொழிலகப் பாதுகாப்புத் துறைக்குப் போன அறிவிப்பிலும் உள்ளபடியே இருக்க வேண்டும். பதிவேட்டில் 6.40 என்றும் கடிதத்தில் 'சுமார் 7.30' என்றும் இருந்தால், பிற்பாடு அதைத்தான் கிளறுவார்கள். படிவம் 12-ஐ இன்னும் அனுப்பவில்லை என்றால், கெடு ஏற்கெனவே முடிந்துவிட்டது. கடிதத்தை வைத்துவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள். தொழிலகப் பாதுகாப்புத் துறைக்கும் அப்படியே; 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாத காயம் என்றால் அறிவித்தே ஆக வேண்டும்.

சட்டப் பிரிவு எண் எதையும் எழுத வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பழைய எண்ணை எழுதினால் தவறாகப் போகும். எப்படியும் அந்த வீட்டில் யாருக்கும் அது தேவையில்லை.

கடிதத்தை நான் எழுதினால் இப்படி எழுதுவேன். புள்ளி வைத்த இடங்களை நிரப்பிக்கொள்ளுங்கள்.

"மதிப்பிற்குரிய திருமதி ...... அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கணவர் தங்களிடம் போனில் பேசியதை அறிவோம். அவருடைய சம்மதத்தோடு இந்தக் கடிதத்தை எழுதுகிறோம்.

...... தேதி வெள்ளிக்கிழமை மாலை 6.40 மணிக்கு, எங்கள் தொழிற்சாலையில் பிரஸ் இயந்திரத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது அவருடைய வலது கையில் காயம் ஏற்பட்டது. உடனே ...... மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அன்றிரவே அறுவை சிகிச்சை நடந்தது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் காப்பாற்ற முடியவில்லை. இன்று காலை டாக்டர் சொன்னபடி, அவர் நினைவோடு இருக்கிறார், சாப்பிடுகிறார், பேசுகிறார். எத்தனை நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்பதை டாக்டர் இன்னும் சொல்லவில்லை. சொன்னதும் தங்களுக்குத் தெரிவிப்போம்.

இப்படி நேர்ந்ததற்கு மிகவும் வருந்துகிறோம். விபத்து எப்படி நடந்தது என்று விசாரணை நடக்கிறது. முடிந்ததும் அவருக்கும், அவர் விரும்பினால் தங்களுக்கும் சொல்வோம்.

மருத்துவமனைச் செலவை நிறுவனம் கட்டுகிறது. அதை அவர் சம்பளத்தில் பிடிக்க மாட்டோம். தாங்கள் பணம் எதுவும் கொண்டுவர வேண்டியதில்லை. விபத்து நடந்த நாள் வரையிலான சம்பளம் வழக்கமான தேதியில் அவர் கணக்குக்கு வரும். அதற்குப் பிறகு, டாக்டர் வேலைக்குப் போகலாம் என்று சொல்லும் வரை, இஎஸ்ஐ-யிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 540 ரூபாய் வரும். முதல் தொகை வரச் சில வாரங்கள் ஆகலாம். காயம் ஆறிய பிறகு, விரல் இழப்புக்காகத் தனியாக ஒரு தொகை பெற அவருக்கு உரிமை உண்டு. அது எவ்வளவு என்பதை இஎஸ்ஐ மருத்துவ வாரியம் முடிவு செய்யும். அதற்கான தாள்களை நாங்கள் தயார் செய்து கொடுப்போம். சிகிச்சைக் காலத்தில் அவரை வேலையிலிருந்து நீக்க மாட்டோம்.

தாங்கள் செய்ய வேண்டியது இரண்டு. அவருடைய வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் கீழே உள்ள எண்ணுக்கு அனுப்புங்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு ஊருக்கு அழைத்துச் செல்ல விரும்பினால், கிளம்பும் முன் எங்களிடம் சொல்லுங்கள். இஎஸ்ஐ டாக்டரிடம் அனுமதி வாங்க நாங்கள் உடன் வருகிறோம். அனுமதி இல்லாமல் போனால் இஎஸ்ஐ பணம் தடைபடலாம்.

தாங்களும் தங்கள் மாமனாரும் பார்க்க வர விரும்பினால் பேருந்துச் செலவும் தங்கும் இடமும் நிறுவனத்தின் பொறுப்பு. எந்த நேரமும் என்னைக் கூப்பிடலாம். அவருடைய இஎஸ்ஐ எண்: ...... இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இப்படிக்கு,
(பெயர், பதவி, கைபேசி எண்)"

இதில் சிலவற்றை நீங்கள் உங்கள் நிறுவனத்தில் கேட்டுவிட்டுத்தான் வைத்துக்கொள்ள முடியும். பேருந்துச் செலவு, தங்கும் இடம், பில் மூன்றும் எம்.டி. ஒப்புக்கொண்டால்தான் நிற்கும், ஒப்புக்கொள்ளாததை எடுத்துவிடுங்கள், மழுப்பி எழுதாதீர்கள். வேலை விஷயத்தில் 'சிகிச்சைக் காலத்தில்' என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த 540 ரூபாயை, அதாவது தற்காலிக ஊனத் தொகையை, வாங்கும் காலத்தில் நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்பது சட்டம். அதனால் அதை உறுதியாகச் சொல்லலாம். அதற்குப் பிறகு அவரைப் பிரஸ்ஸிலேயே போடுவார்களா, ஸ்டோருக்கோ இன்ஸ்பெக்‌ஷனுக்கோ மாற்றுவார்களா என்பதை எம்.டி. முடிவு செய்யும் வரை எழுத முடியாது. கேட்டு வையுங்கள், அவர் மனைவி இரண்டாவது போனிலேயே இதைத்தான் கேட்பார்.

வருத்தம் தெரிவிப்பதற்கு வக்கீல் ஆட்சேபம் சொல்லக்கூடும். 'வருந்துகிறோம்' என்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது; தப்பு யாருடையது என்று பார்க்காமலே பணம் கொடுக்கும் இஎஸ்ஐ-யில் அதனால் எந்த மாற்றமும் வராது. வக்கீல் வேறு வரிகளில் கை வைத்தால் வைக்கட்டும், இந்த வரியை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அச்சடித்த பிறகு யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் கடிதத்தை ஊரில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையோ பக்கத்து வீட்டுக்காரரோதான் மாமனாருக்குப் படித்துக் காட்டுவார்கள். மூச்சு வாங்கும் வாக்கியம் இருந்தால் அங்கே உடைத்துவிடுங்கள். பிறகு ஸ்பீட் போஸ்டில் ஒன்று, வாட்ஸ்ஆப்பில் போட்டோ ஒன்று, அவருடைய படுக்கைக்குப் பக்கத்தில் நகல் ஒன்று, உங்கள் ஃபைலில் ஒன்று. கடிதத்தில் உங்கள் சொந்தக் கைபேசி எண்ணைப் போடுங்கள். கம்பெனி போர்டு எண்ணைப் போட்டால், செக்யூரிட்டி எடுத்து 'மேடம் லஞ்சுக்குப் போயிருக்காங்க' என்பார்.

இரண்டாவது கடிதம் ஒன்று தேவைப்படும். இறுதிச் சான்றிதழ் கையில் கிடைத்த அன்று, மருத்துவ வாரியத்துக்கு எப்போது, எந்தத் தாள்களோடு போக வேண்டும் என்று எழுதி அவரிடமே கொடுங்கள். அன்றைக்கு வாரியத்துக்குக் கம்பெனியிலிருந்து ஒருவர் கூடப் போக வேண்டும். யார் என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.